கடைசியில் நிற்கும் நாற்பதாயிரம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மச்சான் வீட்டுக்கு வந்தான். கையில் இரண்டு தாள். பிறையில் இருக்கும் தொழிற்சாலைகளிலிருந்து ஆற்றைத் தாண்டிப் பட்டர்வொர்த் துறைமுகத்துக்கும், புக்கிட் மெர்தாஜாமுக்கும் சரக்கு ஏற்றிப் பத்து வருடம் அடுத்தவர் லோரி ஓட்டியவன். இப்போது சொந்தமாக ஒன்று வாங்கப் போகிறான். விலை 1,25,000 வெள்ளி. கையில் 25,000 இருக்கிறது. மிச்சம் ஒரு லட்சம் கடன், ஐந்து வருடம், அறுபது தவணை.

முதல் தாளில் மாதத் தவணை 1,933 வெள்ளி. இரண்டாவதில் 1,360. இரண்டாவது தாளில் மட்டும் அடியில் ஒரு வரி கூடுதலாக இருந்தது. அறுபதாவது தவணையோடு 40,000 வெள்ளியை மொத்தமாகக் கட்ட வேண்டும். இதைத்தான் பலூன் கடன் என்கிறார்கள். மாதாமாதம் சின்னதாகக் கட்டிவிட்டு, கடைசியில் ஊதிப் பெருத்த ஒரு தொகையைக் கட்டி முடிப்பது.

"மச்சான், மாசம் ஐந்நூத்தி எழுபது வெள்ளி மிச்சம். இதை எடுத்துடவா?" என்று கேட்டான்.

நான் சின்ன வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதிப் பிழைப்பவன். இந்தக் கணக்கு எனக்குத் தெரியும். ஆனால் நான் உடனே பதில் சொல்லாததற்குக் காரணம் அதுவல்ல. நானே ஒரு முறை இப்படிக் கடன் எடுத்திருக்கிறேன். அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் அந்த 1,360 எப்படி வந்தது என்று பார்ப்போம். அது புரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பலர் நினைப்பது இப்படி: ஒரு லட்சத்தில் நாற்பதாயிரத்தைத் தள்ளி வைத்தாயிற்று, ஆகவே இப்போது அறுபதாயிரத்துக்குத்தான் தவணை. மச்சானும் அப்படித்தான் நினைத்திருந்தான். வருடம் 6 விழுக்காடு, அதாவது மாதம் அரை விழுக்காடு, மிச்சமிருக்கும் கடன்மீது மட்டும் வட்டி என்றால், அறுபதாயிரத்துக்கு அறுபது மாதத் தவணை 1,160 வெள்ளிதான் வரும். "பிறகு ஏன் 1,360 போட்டிருக்கான்? ஏமாத்துறானா?" என்று கேட்டான்.

ஏமாற்றவில்லை. அந்த நாற்பதாயிரமும் இன்றே அவன் கைக்கு வந்துவிட்டது, லோரியாக. அதைத் திருப்பித் தருவதைத்தான் தள்ளி வைத்திருக்கிறார்கள், அதற்கான வட்டியைத் தள்ளி வைக்கவில்லை. நாற்பதாயிரத்துக்கு மாதம் அரை விழுக்காடு 200 வெள்ளி. 1,160-உம் 200-உம் சேர்ந்து 1,360. அவ்வளவுதான் கணக்கு. ஒரு தவணைக்குள் இரண்டு கடன் உட்கார்ந்திருக்கிறது. ஒன்று, அசலும் வட்டியுமாக மெல்லக் கரைந்து ஐந்தாம் வருடம் காணாமல் போகிற அறுபதாயிரம். மற்றொன்று, ஒரு காசுகூடக் குறையாமல் அப்படியே நிற்கிற நாற்பதாயிரம். முதல் மாதமும் அதற்கு வட்டி 200, அறுபதாவது மாதமும் 200. ஐந்து வருடத்தில் அந்த வகையில் மட்டும் 12,000 வெள்ளி போகிறது, அசலில் ஒரு வெள்ளிகூடத் தீராமல்.

எந்தப் பலூன் கடனையும் இப்படி இரண்டாகப் பிரித்துப் பார்க்கலாம். எழுதி வைத்துக்கொள்ள நினைப்பவர்களுக்கு:

```
தவணை = (P - B) * i / (1 - (1+i)^-n)  +  B * i
```

P மொத்தக் கடன், B கடைசித் தொகை, i மாத வட்டி, n மாதங்கள். கூட்டல் குறிக்கு வலப்பக்கம் இருக்கும் துண்டுதான் பலூனுக்குச் சும்மா கட்டும் வட்டி. எக்செல் வைத்திருப்பவர்கள் ஒரே வரியில் பார்த்துக்கொள்ளலாம்:

```
=PMT(0.06/12, 60, -100000, 40000)
```

விடை 1,359.97 வரும். இங்கே ஒரு இடத்தில் கவனம் வேண்டும். கடனுக்கு முன்னால் கழித்தல் குறி இருந்தால், கடைசித் தொகைக்கு முன்னால் அது இருக்கக் கூடாது. இரண்டுக்கும் கழித்தல் போட்டால் 2,506.59 என்று விடை வரும். பலூன் இல்லாத தவணையைவிட அதிகமாக ஒரு எண் வந்தால், குறி தப்பிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

சரி, இனி அந்த மிச்சம். 1,933-க்கும் 1,360-க்கும் இடையில் மாதம் 573 வெள்ளி. மச்சான் அதை லாபம் என்று நினைத்தான். அறுபது மாதத்துக்கு அது 34,400 வெள்ளி ஆகிறது. ஆனால் கடைசியில் கட்ட வேண்டியது 40,000. துண்டு விழுவது 5,600. இந்த 5,600 எங்கிருந்து வந்தது என்று அவன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பலூன் இல்லாத கடனில் ஐந்து வருடத்து மொத்த வட்டி 15,997 வெள்ளி. பலூன் கடனில் 21,598. வித்தியாசம் அதே 5,600. ஆக, மிச்சமாகிற 573 வெள்ளியை மாதாமாதம் உண்டியலில் போட்டு வைத்தாலும் பலூனைக் கட்ட அது போதாது. வருடம் 6 விழுக்காடு தருகிற இடத்தில் போட்டால்தான் சரியாக 40,000 வரும். 3 விழுக்காடு தருகிற சேமிப்பில் போட்டால் 37,000 சொச்சம்தான்.

அப்படி மாதாமாதம் எடுத்து வைக்கிறவர் ஏன் பலூன் எடுக்கப் போகிறார் என்றும் யோசிக்க வேண்டும். 573 வெள்ளி கையில் தங்காது என்பதால்தானே எடுக்கிறோம்.

இப்போது என் கதை. 2013-இல் நான் ஒரு வேன் வாங்கினேன். கணக்கு வேலையோடு கேட்டரிங் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் தொழிலும் செய்யலாம் என்று மனைவிக்கும் எனக்கும் ஆசை. கடன் 70,000, ஐந்து வருடம், 6 விழுக்காடு, கடைசியில் 28,000. மாதம் 952 வெள்ளி. பலூன் இல்லாமல் எடுத்திருந்தால் 1,353 கட்ட வேண்டியிருக்கும். நாலு வருடம் ஒரு தவணைகூடத் தவறவில்லை. ஐந்தாவது வருடத் தொடக்கத்தில் ஒரு கடிதம் வந்தது. அப்போதுதான் 28,000 என்ற எண் எனக்கு உண்மையாகவே உறைத்தது.

பழைய வண்டி வாங்குகிற கடையில் விசாரித்தேன். வேனுக்கு 22,000-க்கு மேல் தர முடியாது என்றார்கள். விற்றாலும் கடன் தீராது. கடன் கொடுத்த நிறுவனத்திடம் மறுகடன் கேட்டேன். தரலாம், ஆனால் வண்டியின் இன்றைய மதிப்பில் எண்பது விழுக்காடுதான் தருவோம், வண்டி பழசு என்பதால் வட்டி 9 விழுக்காடு, மூன்று வருடம் என்றார்கள். 22,000-இல் எண்பது விழுக்காடு 17,600. மீதி 10,400 வெள்ளியை ஒரே வாரத்தில் புரட்ட வேண்டும். மனைவியின் நகை அடகுக் கடைக்குப் போனது. அதை மீட்க ஒன்றரை வருடம் ஆனது. அதுவரை கல்யாண வீடுகளுக்கு அவள் கழுத்தில் ஒரு சின்னச் சங்கிலியோடு மட்டும் வந்தாள், ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதன்பிறகு மூன்று வருடம் மாதம் 560 வெள்ளி கட்டினேன், ஐந்து வயதைத் தாண்டிய வேனுக்கு.

என் தப்பு எங்கே என்று பல முறை யோசித்திருக்கிறேன். 28,000 வரும் என்பது எனக்கு முதல் நாளே தெரியும், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது நான்தான். நான் கேட்காமல் விட்டது வேறு ஒரு கேள்வி. ஐந்து வருடம் கழித்து அந்த வேன் 28,000 பெறுமா? பலூனின் அளவைத் தீர்மானிக்க வேண்டியது அந்தக் கேள்விதான். நாமோ, மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்பதிலிருந்து தொடங்கி, அதற்குத் தகுந்தபடி பலூனை ஊத விடுகிறோம்.

மச்சானிடம் இதைச் சொல்லும்போது ஒரு தாளில் வருட வாரியாக மிச்சக் கடனை எழுதிக் காட்டினேன். பலூன் இல்லாத கடனில் மூன்றாம் வருட முடிவில் மிச்சம் 43,620 வெள்ளி. பலூன் கடனில் அதே நாளில் 66,172. இரண்டிலும் முப்பத்தாறு தவணை ஒழுங்காகக் கட்டியிருப்பான். தவணையில் தெரிவது 573 வெள்ளி வித்தியாசம், கடனிலோ 22,500. முதல் மாதத்திலேயே இது தொடங்கிவிடுகிறது. ஒரு லட்சத்துக்கு முதல் மாத வட்டி இரண்டிலும் 500 வெள்ளிதான். 1,933 கட்டினால் அசலில் 1,433 தீர்கிறது, 1,360 கட்டினால் 860 மட்டும்.

"நான் எங்கே நடுவுல விக்கப் போறேன்?" என்றான் மச்சான்.

விற்க வேண்டாம். மூன்றாம் வருடம் நெடுஞ்சாலையில் விபத்தாகி, லோரி பயன்படாது என்று காப்புறுதி நிறுவனம் முடிவு செய்தால்? வழக்கமான காப்புறுதியில் அவர்கள் தருவது அன்றைய சந்தை மதிப்பைத்தான், நம்முடைய கடன் பாக்கியை அவர்கள் பார்க்க மாட்டார்கள். மதிப்பு 60,000 என்று வைத்துக்கொண்டால், முதல் கடனில் பாக்கியைக் கட்டி 16,000 சொச்சம் கைக்கு வரும், அதை வைத்து இன்னொரு லோரிக்கு முன்பணம் கட்டலாம். பலூன் கடனில் லோரியும் போய், மேலே 6,172 வெள்ளி கையிலிருந்து கட்ட வேண்டும். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அக்கா தே தாரேக் கொண்டுவந்து வைத்தாள்.

அப்புறம் அவனே ஒரு நல்ல கேள்வி கேட்டான். "இந்த ரெண்டு தாள்லயும் வட்டி வேற வேற போட்டிருக்கே. முதல்ல 3.20, ரெண்டாவதுல 4.32. அப்ப ரெண்டாவது கொள்ளை வட்டிதானே?"

இது நம் ஊரில் பலரைக் குழப்புகிற இடம். இரண்டு தாளிலும் எழுதியிருந்தது ஃபிளாட் ரேட். நம் நாட்டில் வண்டிக் கடன் என்றாலே பல காலமாக இப்படித்தான் எழுதிப் பழக்கம். ஃபிளாட் என்றால், நீங்கள் கட்டக் கட்டக் கடன் குறைவதைக் கணக்கில் எடுக்காமல், முதல் நாள் வாங்கிய முழுத் தொகைமீதே எல்லா வருடத்துக்கும் வட்டி போடுவது. முதல் தாளில் ஒரு லட்சத்துக்கு 3.20 விழுக்காடு, ஐந்து வருடத்துக்கு 16,000. இரண்டாவதில் 4.32 விழுக்காடு, ஐந்து வருடத்துக்கு 21,600. மேலே நாம் பார்த்த மொத்த வட்டியேதான் இரண்டும். ஆனால் முதல் கடனில் அசல் வேகமாகக் குறைகிறது, இரண்டாவதில் நாற்பதாயிரம் கடைசி வரை நிற்கிறது. அதிகப் பணத்தை அதிகக் காலம் வைத்திருக்கிறீர்கள், அதனால் மொத்த வட்டி அதிகம். மிச்சக் கடன்மீது கணக்கிட்டால் இரண்டும் ஒரே 6 விழுக்காடுதான். யாரும் கொள்ளையடிக்கவில்லை.

இதன் மறுபக்கம்தான் ஆபத்து. பலூன் உள்ள கடனையும் இல்லாத கடனையும் ஃபிளாட் ரேட்டை வைத்து ஒப்பிட்டால் எது மலிவு என்று தெரியவே தெரியாது. பலூன் கடனில் 4.32-க்குப் பதில் 5 என்று எழுதியிருந்தால், அதில் கூடுதல் வட்டி ஒளிந்திருப்பது கண்ணுக்குப் படாது. "பலூன்னா கொஞ்சம் கூடத்தான் இருக்கும் அண்ணே" என்று சொல்லிவிடுவார்கள், அதில் பாதி உண்மையும் இருக்கும். அதனால் ரேட்டைக் கேட்காதீர்கள். கையில் வாங்கும் தொகை, மாதத் தவணை, எத்தனை மாதம், கடைசித் தொகை, இந்த நான்கை மட்டும் வாங்கிக்கொண்டு உண்மையான வட்டியை நீங்களே எடுங்கள்:

```
=RATE(60, -1360, 100000, -40000)*12
```

இங்கே வாங்குவது கூட்டல், கட்டுவது எல்லாம் கழித்தல். விடை 6 விழுக்காடு அளவில் வரும். தவணை 1,360-க்குப் பதில் 1,420 என்று எழுதியிருந்தால் இந்த எண் ஏறிவிடும், உடனே தெரியும். கடைசித் தொகை அறுபதாவது தவணையோடா, அதற்கு அடுத்த மாதமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு மாதம் தள்ளினால் நாற்பதாயிரத்துக்கு இன்னும் 200 வெள்ளி வட்டி, அதை யார் தலையில் எழுதியிருக்கிறார்கள் என்று ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டும்.

"கடைசியில மறுபடி லோன் போட்டுக்கலாம்னு விற்பனைக்காரர் சொன்னார்" என்றான். அதையும் கணக்குப் போட்டோம். நாற்பதாயிரத்தை அதே 6 விழுக்காட்டில் மூன்று வருடத்துக்கு மறுகடனாக எடுத்தால் மாதம் 1,217. ஆக, ஐந்து வருடம் 1,360, அப்புறம் மூன்று வருடம் 1,217. மொத்தம் எட்டு வருடம், மொத்த வட்டி 25,400 அளவில். இன்றைக்கே நேராக எட்டு வருடக் கடன் எடுத்தால் மாதம் 1,314, மொத்த வட்டி 26,160 அளவில். பெரிய வித்தியாசமே இல்லை. மறுகடனை நம்பிப் பலூன் எடுக்கிறவர் உண்மையில் எட்டு வருடக் கடன்தான் எடுக்கிறார். ஒரே வேறுபாடு, ஐந்தாம் வருடத்தில் இன்னொரு முறை வரிசையில் நின்று, அன்றைய வட்டியில், அன்றைய லோரி மதிப்பில், அன்றைய தன் வருமானத்தைக் காட்டி அனுமதி வாங்க வேண்டும். என்னிடம் 9 விழுக்காடு கேட்டார்களே, அது போல. எட்டு வருடக் கடன் கிடைக்குமென்றால் அதையே எடுப்பேன். ஆனால் மச்சானுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் தரத் தயாராக யாரும் இல்லை.

இவ்வளவு சொன்ன பிறகும் பலூனே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காரணம் அவன் வருமானம். வழக்கமான மாதத்தில் டீசல், டோல், டயர், காப்புறுதி, ஆறு மாதத்துக்கு ஒரு முறை புஸ்பாகோம் பரிசோதனை எல்லாம் எடுத்து வைத்தபின், வீட்டுச் செலவு போகக் கடனுக்கு 2,300 வெள்ளி வரை நிற்கும். ஆனால் சீனப் புத்தாண்டு மாதத்தில் தொழிற்சாலைகள் மூடிவிடும், இரண்டு வாரம் சரக்கே இருக்காது. ஹரி ராயா நேரத்திலும் அப்படித்தான். அந்த மாதங்களில் 1,700-க்கு மேல் தேறாது. 1,933 தவணை என்றால் அந்த மாதங்களில் தடுமாறுவான், தவணை தவறினால் அபராத வட்டி வேறு. கொஞ்சம் சின்னத் தவணை அவனுக்கு நிஜமாகவே தேவை. ஆனால் 1,360 வரை இறங்கத் தேவையில்லை.

அதனால் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தோம். ஐந்து வயதான அதே மாடல் லோரி இப்போது என்ன விலைக்குப் போகிறது என்று மூன்று கடையில் விசாரிக்கச் சொன்னேன். செவ்வாய்க்கிழமை கூப்பிட்டுச் சொன்னான். 42,000, 45,000, இன்னொருவர் அடிபட்ட வண்டியென்றால் 35,000. நான் மூன்றாவது எண்ணைத்தான் எடுத்துக்கொண்டேன். ஐந்து வருடம் கழித்து அவன் லோரியும் நாலு இடத்தில் இடித்துத்தான் இருக்கும். 35,000-க்கு விற்று, பலூனைக் கட்டி, அடுத்த லோரிக்கு முன்பணமாக ஏதாவது கையில் நிற்க வேண்டுமென்றால் பலூன் 20,000-ஐத் தாண்டக் கூடாது.

20,000 பலூனுக்குத் தவணை என்ன? எண்பதாயிரத்துக்கு 1,547, இருபதாயிரத்தின் வட்டி 100. மொத்தம் 1,647. இழுத்துப் பிடித்தால் புத்தாண்டு மாதத்திலும் கட்டிவிடலாம். பலூன் இல்லாத கடனைவிட மொத்தத்தில் 2,800 வெள்ளி கூடுதல் வட்டி. மெலிந்த மாதங்களைத் தாண்டுவதற்கு அவன் கொடுக்கிற விலை அது, அதை அவன் தெரிந்தே கொடுக்கிறான்.

விற்பனைக்காரர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. நாற்பது விழுக்காடுதான் அவர்கள் திட்டம், பலரும் அதைத்தான் எடுக்கிறார்கள் என்றார். மச்சான் அந்த நான்கு எண்களை எழுதிய தாளை மேசையில் வைத்து, "அப்ப முதல் தாளையே எடுத்துக்கிட்டு வேற இடம் பார்க்கிறேன்" என்று எழுந்திருக்கிறான். மறுநாள் தொலைபேசி வந்தது. 20,000 பலூன், தவணை 1,650. RATE போட்டுப் பார்த்தேன், 6-ஐ ஒட்டித்தான் இருந்தது. வரும் பத்தாம் தேதி முதல் தவணை. சமையலறை நாள்காட்டியில் அக்கா அதைச் சிவப்புப் பேனாவில் வட்டமிட்டிருக்கிறாள், பக்கத்திலேயே சின்னதாக 20,000 என்றும் எழுதியிருக்கிறாள்.